ஒன்றரை மணி நேர லைவ், 24 பொருள்: சிறிய சேலைக் கடைக்கு ஒரு திட்டம்

லைவ் விற்பனை என்றால் பார்ப்பவருக்கு ஒருவர் போன் முன்னால் நின்று சேலையை விரித்துக் காட்டுவதுதான் தெரியும். கடைக்காரருக்கோ அது ஒரே நேரத்தில் நடக்கும் மூன்று வேலை: காட்டுவது, யார் எதைக் கேட்டார் என்று குறிப்பது, அடுத்த பொருளைத் தயாராக வைப்பது. தொடங்கிய சில வாரங்களில் லைவைக் கைவிடும் கடைகள் பெரும்பாலும் தடுமாறுவது இரண்டாவது வேலையில். ஒரே பட்டுச்சேலையை நான்கு பேர் கேட்டு, நால்வருக்கும் ‘உங்களுக்குத்தான்’ என்று பதில் போய்விட்டால், அடுத்த நாள் முழுக்கச் சமாதானம் சொல்வதிலேயே போய்விடும்.

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் சேலையும் கவரிங் நகையும் விற்கும் ஒரு சிறிய கடையை எடுத்துக்கொள்வோம். மூன்று பேர். ஃபேஸ்புக் பக்கத்திலிருந்து லைவ். வாங்குபவர் கமெண்டில் எண்ணைப் போட்டுப் பொருளைப் பிடிக்கிறார், பேநவ் மூலம் பணம் அனுப்புகிறார், கடைக்கு வந்து எடுத்துக்கொள்கிறார் அல்லது அஞ்சலில் பெறுகிறார். ஃபேஸ்புக்கில் முன்பு பொருள்பட்டியலை லைவோடு இணைக்கும் வசதி இருந்தது. 2022 அக்டோபர் 1 முதல் அதை எடுத்துவிட்டார்கள். அதனால் அங்கே எல்லாமே கமெண்டை வைத்துத்தான். புதிதாகப் பக்கம் திறப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கணக்கு தொடங்கி 60 நாள் ஆகியிருக்க வேண்டும், 100 பேராவது பின்தொடர வேண்டும். அதற்கு முன் லைவ் போக முடியாது.

நாளும் நேரமும்

புதன்கிழமை போன்ற ஒரு வார நாளில் இரவு 8:30 முதல் 10 மணி வரை என்று வைப்பது இந்தக் கடைக்குப் பொருந்தும். வேலை முடிந்து, சாப்பாடு முடிந்து, பிள்ளைகள் படுக்கப் போகிற நேரம். ஜொகூர் பாருவில் பார்ப்பவர்களுக்கும் அதே மணிதான். ஆனால் அவர்கள் விலையை ரிங்கிட்டில் எடுத்துக்கொள்ளக்கூடும். ‘85 வெள்ளி’ என்று மட்டும் சொன்னால் அங்கே குழப்பம், ‘85 சிங்கப்பூர் வெள்ளி’ என்று சொல்லிவிட வேண்டும். ஞாயிறு மாலை வேண்டாம். கடைக்கு நேரில் வரும் கூட்டத்தை விட்டுவிட்டுப் போன் முன்னால் நிற்பதில் அர்த்தமில்லை, தெருச் சத்தமும் மைக்கில் ஏறும்.

வாரம் ஒரு முறை, அதே கிழமை, அதே நேரம் போதும். மூன்று நாள் லைவ் வைத்தால் அதே 20 சேலைகளை மூன்று முறை காட்ட வேண்டி வரும். ‘நாளைக்கும் காட்டுவார்கள்’ என்று தெரிந்தவர் இன்று பிடிக்கமாட்டார்.

பண்டிகைக் காலத்தில் அட்டவணையைத் தொடக்கத்திலிருந்து போடாமல் பின்னாலிருந்து போடுவதே சரி. 2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. பட்டுச்சேலை வாங்குபவர் பிளவுஸ் தைக்க வேண்டும். ஆக, உங்கள் அட்டவணையின் கடைசித் தேதியைத் தீபாவளி முடிவு செய்வதில்லை, தையல்காரர் முடிவு செய்கிறார். பக்கத்துத் தையல் கடையில் எந்தத் தேதி வரை துணி வாங்குவார்கள் என்று கேளுங்கள். அக்டோபர் 10 என்று சொன்னால், பணம் வரவும் சேலை கைக்குப் போகவும் ஒரு வார இறுதி தேவை. எனவே கடைசிப் பட்டுச்சேலை லைவ் செப்டம்பர் 30, புதன்கிழமை. அது சம்பளம் வரும் நேரமும்கூட. அதற்குப் பிறகு வரும் புதன்கிழமைகளில் தைத்த சுடிதார், ரெடிமேட் பிளவுஸோடு வரும் சேலை, கவரிங் செட், வளையல். நவம்பர் முதல் வாரத்தில் லைவ் வைத்தால் ‘கடைக்கு வந்து எடுப்பவர்களுக்கு மட்டும்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அஞ்சலில் போட்டது பண்டிகைக்குப் பிறகு போய்ச் சேர்ந்தால் வாங்கியவர் அதைத் திருப்பத்தான் பார்ப்பார்.

எத்தனை பொருள் காட்ட முடியும்

ஒரு சேலைக்கு 3 நிமிடம் வேண்டும். முதல் பத்து வினாடிக்குள் எண்ணும் விலையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விலை தெரியாதவரை பார்ப்பவர் காதில் வேறு எதுவும் விழாது. பிறகு உடல், கரை, முந்தி, பிளவுஸ் துணி. நீளத்தைச் சொல்லுங்கள்: வழக்கமாக ஐந்தரை மீட்டர் சேலை, அதோடு 80 சென்டிமீட்டர் பிளவுஸ் துணி. பிளவுஸ் துணி இல்லாத சேலையென்றால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். துவைக்கலாமா, டிரை கிளீனிங்கா என்று ஒரு வரி. கடைசியில் எண்ணும் விலையும் மறுபடி. நடுவில் வந்து சேர்ந்தவருக்கு இவை எதுவும் தெரியாது, அதனால் எண்ணை மூன்று நிமிடத்தில் ஐந்தாறு முறை சொன்னாலும் அதிகமில்லை.

இந்தக் கணக்கில் 24 பொருளுக்கு 72 நிமிடம். தொடக்கத்துக்கு 5, நடுவில் இரண்டு இடைவெளிக்குத் தலா 4, முடிக்க 5. மொத்தம் 90. முப்பது பொருள் எடுத்து வைத்துக்கொண்டு ‘முடிந்தவரை காட்டலாம்’ என்று தொடங்கினால், கடைசி ஆறு பொருளை ஓட்டமாகக் காட்டுவீர்கள், அவை விற்காது. விற்கவில்லையே என்று அந்தப் பொருள்மேல் பழி போடுவீர்கள்.

எண் போடுவதில் சிறு நுணுக்கம் உண்டு. பி, டி என்று ஆங்கில எழுத்து வைத்தால் போன் ஸ்பீக்கரில் ஒன்றுபோலத்தான் கேட்கும். 1 முதல் 9 வரையிலான எண்ணும் வேண்டாம். கமெண்டில் ‘2’ என்று வந்தால் அது இரண்டாம் பொருளா, இரண்டு பீஸ் வேண்டுமா? 11-இலிருந்து தொடங்கி 34 வரை போங்கள். ‘17’ என்றால் பொருள் 17, ‘12 x 2’ என்றால் 12-இல் இரண்டு. 16, 19 போன்ற அட்டைகளில் எண்ணுக்கு அடியில் கோடு போடுங்கள். தலைகீழாகப் பிடித்தால் 16 என்பது 91 ஆகிவிடும்.

எதை எப்போது காட்டுவது

பார்ப்பவர்கள் 8:30-க்கே வந்து உட்கார்வதில்லை. அறிவிப்பு போனில் விழுந்து, கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு வர இருபது நிமிடம் ஆகும். இந்த ஒன்றை வைத்தே வரிசையை முடிவு செய்யலாம்: ஒரே ஒரு பீஸ் உள்ள நல்ல பொருளை ஆள் சேர்வதற்கு முன் காட்டாதீர்கள். காட்டினால் தாமதமாக வந்தவர் ஒவ்வொருவரும் ‘அதை மறுபடி காட்டுங்க’ என்பார், விற்றுப்போனதைக் காட்ட நேரம் போகும்.

8:35 முதல் 8:53 வரை எண் 11 முதல் 16: காட்டன் சேலை, 25 வெள்ளி, ஒவ்வொன்றிலும் 8 பீஸ். பலருக்கும் கிடைக்கும், யாரும் ஏமாறமாட்டார்கள். கமெண்ட் போடும் முறையும் இந்த மலிவான பொருளிலேயே எல்லோருக்கும் பழகிவிடும். அடுத்து 4 நிமிட இடைவெளி. அது ஓய்வு நேரமில்லை. குறித்த பெயர்களை வாசித்துச் சரிபார்க்கும் நேரம்.

8:57 முதல் 9:33 வரை எண் 17 முதல் 28: பன்னிரண்டு பட்டுச்சேலை, ஒவ்வொன்றும் ஒரே பீஸ், 120 முதல் 280 வெள்ளி வரை. ஆள் அதிகமாக இருக்கும் நேரம் இதுதான். இவற்றில் விலை உயர்ந்த, முன்கூட்டியே படம் போட்டு அறிவித்த சேலையை நடுவில், 9:15 வாக்கில் வைத்து, ‘ஒன்பதேகாலுக்கு அந்தப் பச்சைப் பட்டு வருகிறது’ என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள். சிலர் அதைக் கடைசிக்கு வைப்பார்கள், அதுவரை கூட்டம் நிற்கும் என்று. நிற்காது. மறுநாள் காலை வேலைக்குப் போகிறவர் பத்து மணிக்கு முன்பே போனை வைத்துவிடுவார்.

மறுபடி 4 நிமிடம் சரிபார்ப்பு. 9:37 முதல் 9:55 வரை எண் 29 முதல் 34: கவரிங் செட், வளையல், 12 முதல் 35 வெள்ளி. ஏற்கெனவே சேலை பிடித்தவர் அதற்குப் பொருத்தமாக எடுப்பார், ஒரே பார்சலில் போகும் என்பதால் அனுப்பும் செலவும் கூடாது. பட்டு கிடைக்காமல் போனவருக்கும் எடுக்க ஏதாவது இருக்கும்.

வரிசையைக் கெடுக்கும் இன்னொன்று கேமரா. போன் கேமரா வெளிச்சத்தைத் தானே கூட்டிக் குறைக்கும். கறுப்புச் சேலையை மடித்துவிட்டு உடனே சந்தன நிறத்தை விரித்தால் சில வினாடி எல்லாம் வெளுத்துத் தெரியும். பட்டுகளை விலை வரிசையில் அடுக்காமல் நிற வரிசையில் அடுக்குங்கள்: வெளிர் நிறத்திலிருந்து மெல்ல அடர்நிறத்துக்கு. வட்ட விளக்கை நேர் எதிரே வைத்தால் ஜரிகை பளீரென்று அடித்து வேலைப்பாடு தெரியாது. விளக்கைச் சற்றுப் பக்கவாட்டில், தலைக்கு மேலே வையுங்கள். இரட்டை நிறப் பட்டு நிலையாகப் பிடித்தால் ஒரே நிறமாகத் தெரியும், அதை அசைத்துக் காட்டித்தான் ஆக வேண்டும்.

தொடக்க ஐந்து நிமிடத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிடித்து, ‘இது மஞ்சளாகத் தெரிகிறதா, பச்சையாகத் தெரிகிறதா?’ என்று கேளுங்கள். விளையாட்டுப் போலத் தோன்றும், ஆனால் இரண்டு வேலை முடிகிறது. பார்ப்பவர் முதல் கமெண்டைப் போட்டுவிடுகிறார். நிறம் சரியாகப் போகிறதா என்பதும் தெரிந்துவிடுகிறது. ‘நேரில் வேறு நிறம்’ என்பது சேலை திரும்பி வர முக்கியமான காரணம்.

பேசுபவருக்கு எதிரே இருப்பது போனின் பின்பக்கக் கேமராவாக இருக்கட்டும். முன்பக்கக் கேமராவில் எண் அட்டை கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பித் தெரியக்கூடும். கமெண்டைப் படிக்க இன்னொரு போன் வேண்டும். அதில் சத்தத்தை முழுதாக அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எதிரொலி. லைவ் போகும் போனில் அழைப்பு வந்தால் ஒளிபரப்பு நின்றுவிடக்கூடும் என்பதால் ‘தொந்தரவு செய்யாதே’ நிலையில் போடுங்கள். பின்னணியில் சினிமாப் பாட்டு வேண்டாம். காப்புரிமை என்று தளம் சத்தத்தை அடைக்கும், சில நேரம் லைவையே நிறுத்தும்.

கமெண்டை யார், எப்படிப் பிடிப்பது

நீங்கள் பேசுவது பார்ப்பவரை அடையச் சில வினாடி ஆகும், சிலருக்குப் பத்து இருபது வினாடிகூட. நீங்கள் 18-ஐக் காட்டத் தொடங்கிய பிறகும் ஒருவர் திரையில் 17 இருக்கும். அதனால் ‘யார் முதலில் போட்டார்’ என்பதைப் பேசுபவர் வாயால் அறிவிக்கக் கூடாது. அது குறிப்பவர் வேலை. அவருடைய திரையில் கமெண்டுகள் புதியவை வரிசையில் வருகின்றனவா என்று தொடங்குமுன் பாருங்கள். ‘பொருத்தமானவை’ என்ற வரிசையில் இருந்தால் சில கமெண்டுகள் கண்ணிலேயே படாது.

குறிப்பவரிடம் 24 வரி கொண்ட தாள் இருக்கும். ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே பெயரும், காத்திருப்போர் இரண்டு பேரும். எண் 17-க்கு மீனா முதலில், அடுத்து சாந்தி, மூன்றாவது ஃபாத்திமா என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சேலை காட்டி முடிந்து அரை நிமிடம் காத்திருந்து, குறிப்பவர் தாளை நீட்டியபின் பேசுபவர் சொல்கிறார்: “17 மீனா அக்காவுக்கு. சாந்தி, நீங்க அடுத்த இடத்தில இருக்கீங்கம்மா. பணம் வரலைன்னா உங்களுக்குத்தான்.” இப்படிச் சொல்லிவிட்டால் சாந்தி லைவை விட்டுப் போகமாட்டார், மீனாவுக்கும் பணம் அனுப்ப வேண்டும் என்ற நினைப்பு இருக்கும்.

விதி மூன்றே வரி, கமெண்டில் பின் செய்து வையுங்கள்: எண்ணை மட்டும் போடவும். கடையின் திரையில் முதலில் வந்ததே கணக்கு. நாளை மதியம் 12 மணிக்குள் பணம் வராவிட்டால் அடுத்தவருக்கு. விலாசம், தொலைபேசி எண் எதையும் கமெண்டில் போட வேண்டாம் என்றும் வாயால் சொல்லுங்கள். போட்டால் குறிப்பவர் உடனே மறைக்கட்டும். அதெல்லாம் தனிச்செய்தியில்.

கேள்விகளில் இப்போது கையிலிருக்கும் சேலையைப் பற்றியதற்கு மட்டும் பேசுபவர் பதில் சொல்ல வேண்டும். ‘14 இன்னும் இருக்கா?’ என்பது குறிப்பவர் எழுதிப் பதில் தர வேண்டியது. பேசுபவர் திரும்பி 14-ஐத் தேடப் போனால், கையிலிருக்கும் 200 வெள்ளிச் சேலையின் நிமிடங்களை 25 வெள்ளிச் சேலை தின்றுவிடும். கமெண்ட் ஓய்ந்துபோனால் ‘பிடிச்சிருக்கா?’ என்று கேட்காதீர்கள், பதில் வராது. ‘19-இன் கரையா, 20-இன் கரையா?’ என்று கேட்டால் ஓர் எண்ணைத் தட்டிவிட்டுப் போவார்கள்.

‘கடைசி விலை என்ன அண்ணே?’ கட்டாயம் வரும். லைவில் குறைக்காதீர்கள். பத்து நிமிடம் முன்பு முழு விலைக்கு எடுத்தவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். விலையை உயர்த்திச் சொல்லி இறக்குவதும் ஆபத்து. 300 வெள்ளிக்கு என்றுமே விற்காத சேலையை ‘300 இருந்தது, இன்று 150’ என்பதும், உள்ளே பத்து வைத்துக்கொண்டு ‘கடைசி ஒன்று’ என்பதும் சிங்கப்பூரின் நுகர்வோர் பாதுகாப்பு (நியாய வணிகம்) சட்டத்தில் நியாயமற்ற செயலாக எடுத்துக்கொள்ளப்படும். பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்த கடையென்றால், சொல்லும் விலையில் 9 விழுக்காடு வரியும் சேர்ந்திருக்க வேண்டும். ‘பிளஸ் ஜிஎஸ்டி’ என்று பிறகு கூட்டக் கூடாது. பதிவு செய்யாத கடை வரியென்று எதையும் வாங்கவே முடியாது.

பணம் வரும்வரை விற்பனை இல்லை

அன்றிரவே ஒவ்வொருவருக்கும் தனிச்செய்தி: எண்கள், மொத்தம், பேநவ் அனுப்ப வேண்டிய நிறுவனப் பதிவு எண், ஒரு பில் எண். பேநவ் குறிப்பில் அந்தப் பில் எண்ணை எழுதச் சொல்லுங்கள். ஃபேஸ்புக்கில் ‘பிரின்சஸ் மீனு’ என்றிருப்பவர் வங்கியில் கணவர் பெயரில் அனுப்புவார். பில் எண் இல்லாவிட்டால், ஒரே இரவில் வந்த நான்கு 25 வெள்ளி யாருடையவை என்று தெரியாது. பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துப் பொருளைக் கொடுக்காதீர்கள். படத்தைத் திருத்துவது எளிது. கடையின் சொந்த வங்கிக் கணக்கில் பார்த்த பிறகே பார்சல்.

மதியம் 12 மணிக்குத் தாளை எடுங்கள். இப்படி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: காட்டன் 48-இல் 31 பிடிக்கப்பட்டன, 28-க்குப் பணம் வந்தது. பட்டு 12-இல் 9 பிடிக்கப்பட்டன, 7-க்குப் பணம். பணம் வராத இரண்டில் ஒன்று 17. மீனா பதில் தரவில்லை, சாந்திக்குச் செய்தி போகிறது, அவர் அனுப்பிவிடுகிறார். இன்னொன்றுக்குக் காத்திருப்பவர் இல்லை, அது அலமாரிக்கே. ஆக பட்டில் விற்றது 8, ஒன்பது அல்ல. மீனா பெயருக்கு ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு முறை இப்படிச் செய்தவர் அடுத்த லைவில் பட்டுப் பிடித்தால் அரை மணி நேரத்தில் பணம் கேட்கலாம்.

பிடிக்கப்படாத மூன்று பட்டும் 26, 27, 28 என்றால் நிறத்தையோ விலையையோ குறை சொல்லுமுன் மணியைப் பாருங்கள். அந்த நேரம் பேச்சு தளர்ந்திருக்கலாம், அல்லது மூன்றும் அடர்நிறமாக அடுத்தடுத்து வந்து ஒன்றுபோலத் தெரிந்திருக்கலாம். அடுத்த புதனில் அவற்றில் ஒன்றை எண் 19 வந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் யாரும் தொடவில்லையென்றால்தான் அது சேலையின் குறை.

லைவ் முடிந்தாலும் வீடியோ பக்கத்தில் இருக்கும். 2025 பிப்ரவரியிலிருந்து ஃபேஸ்புக் அதை 30 நாள்தான் வைத்திருக்கிறது, வேண்டுமென்றால் அதற்குள் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த 30 நாளும் யாராவது பின்னிரவில் பார்த்துவிட்டு ‘17’ என்று போடுவார்கள். விதிகளைப் பின் செய்த இடத்தில், மதியம் 12 மணிக்குப் பிறகு மீதமுள்ள எண்களை மட்டும் எழுதிப் பின் செய்யுங்கள், ஒவ்வொன்று விற்கும்போதும் அதைத் திருத்துங்கள்.